திரும்பி வந்த முன்மொழிவும் பால் கணக்குக் காலண்டரும்

குடிநீர்த் திட்டத்துக்கு நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய முன்மொழிவு முதல் முறை திரும்பி வந்தபோது, அதன் தேவைப் பகுதியில் மட்டும் ஓரத்தில் பதினோரு இடங்களில் பென்சில் குறிப்பு இருந்தது. அவற்றில் நான்கில் ஒரே கேள்விதான்: ‘எப்படித் தெரியும்?’ வரவுசெலவு, பணிக்கால அட்டவணை, அமைப்பின் பதிவுச் சான்று எதிலும் குறையில்லை. ஆறு வாரத்துக்குள் திருத்தி அனுப்பலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறையைத் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இங்கே இல்லை. ஆழ்துளைக் கிணறுதான் கதி, அந்த நீரில் ஃபுளோரைடு மிகுதி. இதை ஊரே அறியும் என்பதால் எழுதும்போது நிரூபிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ‘கொடிய நஞ்சைக் குடித்து எங்கள் பிஞ்சுகள் அணுஅணுவாக அழிந்துகொண்டிருக்கின்றன’ என்று தொடங்கியிருந்தேன். எழுதிய அன்று அந்த வரியை அமைப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிதி வழங்கும் நிறுவனத்தின் திட்ட அலுவலரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. “சார், உங்க வரியில ஊர் பேரை மாத்திப் போட்டா வேற எந்த ஊருக்கும் அது பொருந்தும். அதுதான் எங்களுக்குச் சிக்கல்” என்றார். அன்று இரவு சிவப்பு மையால் உரிச்சொற்களை அடித்தபோது, முதல் பக்கத்தில் மிஞ்சியவை இரண்டே செய்திகள்: எங்கள் ஊரில் 62 வீடுகள் இருக்கின்றன, எங்களிடம் சுத்திகரிப்பு இயந்திரம் இல்லை. இரண்டாவதும் ஒரு தேவை ஆகாது. இயந்திரம் இல்லை, ஆகவே இயந்திரம் வேண்டும் என்பது கேட்கும் பொருளையே காரணமாகக் காட்டுவது. நீரில் என்ன இருக்கிறது, அதை யார் குடிக்கிறார்கள், வேறு நீர் ஏன் கிடைக்கவில்லை என்பவைதான் தேவை.

ஆகவே முதலில் நீரைச் சோதிக்கப் போனோம். குடிநீருக்குப் பயன்படும் ஏழு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும் மாதிரி எடுத்து, நன்றாகக் கழுவிய கண்ணாடிப் பாட்டில்களில் நிரப்பி, இரண்டு பேருந்து மாறி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவர் பாட்டில்களைப் பார்த்தார். படிவத்தைத் திருப்பி அடியில் மலையாளத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தட்டினார். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் பாலித்தீன் பாட்டிலில்தான் கொண்டுவர வேண்டுமாம். எல்லையில் பிறந்தவன், மலையாளம் தங்குதடையின்றிப் பேசுவேன், படிக்கத்தான் வராது. அதை முன்தினம் தொலைபேசியில் இரண்டு முறை கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றதற்கு, படிவத்தில் இருக்கிறதே என்பதுதான் பதில். ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போயிற்று. (அந்தப் பாட்டில்களில் இப்போது எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது.)

இரண்டாம் முறை முடிவு வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. எங்கள் ஏழில் ஐந்து கிணறுகள் 1.5-ஐத் தாண்டியிருந்தன, அதிகபட்சம் 2.8. எந்த வரம்போடு ஒப்பிடுகிறோம் என்பதை எழுதாமல் வெறும் 2.8 என்று போட்டால் படிப்பவருக்கு அது பெரிதா சிறிதா என்றே தெரியாது. அதேபோல ‘ஏழில் ஐந்து’ என்று எழுத வேண்டுமே தவிர ‘பெரும்பாலான கிணறுகள்’ என்றோ ‘71 விழுக்காடு’ என்றோ எழுதக் கூடாது. ஏழு கிணற்றுக்கு விழுக்காடு போடுவது சிறிய எண்ணைப் பெரிதாகக் காட்டும் வேலை என்பது பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்குள் எண்களில் மயங்கி இரண்டாவது தவற்றைச் செய்தேன். ஊரில் முட்டுவலி உள்ளவர்களை வீடுவீடாக எண்ணி, அத்தனையையும் ஃபுளோரைடின் கணக்கில் எழுதினேன். எங்களுக்கு உதவிய பல் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரின் கருத்தும் இல்லாமல் இதைச் சொன்னால் பல்லைப் பற்றிய உண்மையையும் நம்ப மாட்டார்கள் என்றார். முழுப் பத்தியையும் எடுத்தேன். பல்லில் காட்ட முடிவதை மட்டும் வைத்தோம், அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. நிலைத்த பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடித்த நீர்தான் பின்னாளில் கறையாகத் தெரிகிறது. எனவே சென்ற வருடம் இங்கே குடிவந்த பிள்ளையின் பல் எங்கள் கிணற்றைப் பற்றி எதுவும் சொல்லாது. பெற்றோரின் ஒப்புதலோடு மருத்துவர் பார்த்த 41 பிள்ளைகளில் இங்கேயே பிறந்து வளர்ந்த 34 பேரை மட்டும் கணக்கில் கொண்டோம். அவர்களில் 19 பேருக்குக் கறை இருந்தது. ஏழு பேரை விட்டது ஏன் என்று ஒரு வரியில் எழுதியும் வைத்தோம்.

முதல் வரைவில் இன்னொரு வரி இருந்தது: ‘நீரைக் காய்ச்சிக் குடிக்கவும் வசதியற்ற ஏழைகள்.’ காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும். இரக்கத்துக்காக எழுதிய ஒரு வரி, எங்களுக்கு விஷயமே தெரியாது என்று காட்டியிருக்கிறது.

கடைசிக் கேள்விதான் உண்மையில் கடினம்: ‘குழாய் இணைப்பு இருக்கிறதே, பிறகு ஏன் ஆழ்துளைக் கிணறு?’ வீடுகளில் குழாய் இருப்பது உண்மை. ‘தண்ணீர் சரியாக வருவதில்லை’ என்று எழுதியிருந்தேன். ‘சரியாக’ என்றால் என்ன? ஊராட்சியில் கேட்டால் நீர் வழங்கிய நாள்களின் பதிவு தர இயலாது என்றார்கள். விடை, பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் ஓர் அக்காவின் வீட்டில் கிடைத்தது. கதவுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் ஒவ்வொரு தேதியிலும் காலை, மாலைப் பாலின் அளவு எழுதியிருந்தது. சில தேதிகளின் மூலையில் மட்டும் சிறு வட்டம். “அதுங்களா? பைப்புத் தண்ணி வந்த நாளுங்க. மாட்டுக்குப் புடிச்சு வெக்கணுமில்ல, அதான் சுழிச்சு வெக்கறது” என்றார்.

ஏப்ரலில் முப்பது நாளில் பதினொரு வட்டங்கள்; இரண்டு வட்டங்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி ஆறு நாள். ஒரு வீட்டுக் கணக்கு போதாது என்பதால் தெருவின் வெவ்வேறு முனைகளில் இன்னும் ஐந்து வீடுகளில் இருபது நாள் வட்டம் போடச் சொன்னோம். ஏறத்தாழ அதே முறைதான் தெரிந்தது. எங்களுக்காகவே குறித்த அந்த ஐந்தைவிட, எவரும் கேட்காமல் பாலுக்காகக் குறித்த அந்த ஒன்றுக்கே முன்மொழிவைப் பரிசீலித்த குழு அதிக மதிப்புக் கொடுத்தது என்று பின்னர் அறிந்தேன்.

திருத்திய தேவைப் பகுதி ஒன்றரைப் பக்கத்திலிருந்து முக்கால் பக்கமாகச் சுருங்கியது. தொடக்கம் இப்படி: ‘இக்குடியிருப்பின் 62 வீடுகள் குடிநீருக்குச் சார்ந்துள்ள 7 ஆழ்துளைக் கிணறுகளில் 5-இல் ஃபுளோரைடு அனுமதி வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்துள்ளது. குழாய் நீர் ஏப்ரல் மாதத்தில் 11 நாள்கள் மட்டுமே வந்ததால், மற்ற நாள்களில் இந்நீரே குடிக்கப்படுகிறது.’ வரம்புக்கு உட்பட்ட இரண்டு கிணறுகளை ஏன் பகிரக் கூடாது என்று எவரும் கேட்பார்கள் என்பதால் அதையும் நாங்களே எழுதினோம்: ஒன்று தனியார் தோட்டத்துக்குள் இருக்கிறது, மற்றொன்று மே மாதத்தில் வற்றுகிறது. எல்லாச் சோதனையும் கோடையில் ஒரே முறை எடுத்தது, மழைக்குப் பின் அளவு மாறலாம் என்பதையும் மறைக்கவில்லை. அந்த வரியைச் சேர்க்கவே எனக்கு மனமில்லை. பலவீனத்தை நாமே காட்டுவானேன் என்று ஒரு நாள் முழுக்க வாதிட்டேன்.

ஒப்புதல் கடிதம் சென்ற வாரம் வந்தது. கேட்ட தொகையில் ஒரு பகுதியைக் குறைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை: அதே ஏழு கிணறுகளிலும் மழைக்குப் பிறகு மறுசோதனை, செலவு அவர்களுடையது. பாலித்தீன் பாட்டில்கள் வாங்கி வைத்துவிட்டேன்.