மடிப்பு தெரிந்த திரையும் தெரியாத திரையும்

"அண்ணா, சென்சார் வைக்கிறதுக்கு முன்னாடி துணியில மடிப்பெல்லாம் தெரிஞ்சது. இப்போ தெரியல. இதுல எது உண்மை?" என்று எங்கள் டிசைனர் கேட்டாள். அட்டைப் படம் செய்துகொண்டிருந்த அவளுடைய லேப்டாப் திரையில் நிறத்தை அளக்கும் சென்சாரை வைத்து, அந்தத் திரையின் நிறங்களை விவரிக்கிற ப்ரொஃபைலை அப்போதுதான் போட்டுக்கொடுத்திருந்தேன். "இப்போ தெரியுறதுதான் சரி" என்றேன். வேலை முடிந்து, பிரிண்டும் வந்து, எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த மூணு வார்த்தைப் பதில் இன்னும் அடங்கவில்லை.

லேப்டாப்பை நான் அவசரமாக அளக்கவில்லை. அரைமணி நேரம் ஓடவிட்டு பேனலைச் சூடேற்றினேன். தானாகப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி, இரவு ஒளி, பேட்டரியை மிச்சம்பிடிக்கக் காட்சிக்கேற்ப ஒளியை மாற்றுகிற கிராபிக்ஸ் அமைப்பு எல்லாவற்றையும் அணைத்தேன். இந்தக் கடைசி ஒன்றை விட்டுவிட்டால் சென்சார் அளந்துகொண்டிருக்கும்போதே பின்னொளி மாறும், எடுத்த அளவெல்லாம் வீண். பிரகாசத்தை 120 கேண்டலாவில் நிறுத்தினேன். அளக்கிற மென்பொருளான DisplayCAL-இல் வெள்ளை எல்இடி பேனலுக்கான திருத்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்கிற வெண்புள்ளியை மட்டும் 6500 கெல்வினுக்கு இழுக்காமல் பேனலின் இயல்பிலேயே விட்டேன். தனி மானிட்டர் என்றால் சிவப்பு, பச்சை, நீலத்தை அதன் பொத்தானிலேயே சரிசெய்யலாம். லேப்டாப்பில் அது கிடையாது, கிராபிக்ஸ் கார்டின் அட்டவணையில் ஒரு நிறத்தை வெட்டித்தான் வெள்ளையை மாற்ற வேண்டும். இருக்கிற 256 படிகளில் சில போய்விடும், சாம்பல் சாய்வில் கோடு கோடாக விழும். இயல்பு வெள்ளை அவ்வளவு தூரத்தில் இல்லாதபோது கண் பழகிக்கொள்ளட்டும் என்று விட்டேன், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

பிறகு சரிபார்ப்பு ஓட்டினேன். எதிர்பார்த்த நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிற டெல்டா ஈ, சராசரியாக ஒன்றுக்கும் கீழே. அறிக்கையில் எல்லாம் பச்சை. அதை அவளிடம் காட்டியதும் நான்தான்.

அந்தப் பச்சை எதைச் சொல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நான் ஓட்டிய சரிபார்ப்பு ப்ரொஃபைலை அதே திரையோடுதான் ஒப்பிட்டது. இந்த எண்ணை அனுப்பினால் இந்த நிறம் வரும் என்று ப்ரொஃபைல் சொன்னது, அது அப்படியே வந்தது, அவ்வளவுதான். அந்தத் திரையால் எந்தெந்த நிறங்களைக் காட்டவே முடியாது என்ற கேள்வி அந்தச் சோதனைக்குள் வராது. அது மலிவான ரகப் பேனல். என்டிஎஸ்சி என்கிற பழைய டிவி நிற வரம்பில் 45 சதவீதம் என்று விற்கிறார்களே, அந்த வகை. சாதாரணத் திரைகளுக்கான பொது அளவுகோலான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அதில் தெரியும். குறுகலான திரையைக்கூடத் துல்லியமாக விவரித்துவிடலாம், அப்போதும் டெல்டா ஈ குறைவாகத்தான் வரும்.

அட்டைப் படத்தில் இருந்தது அடர் ஆரஞ்சுத் துணி. ப்ரொஃபைல் இல்லாதவரை போட்டோஷாப் கோப்பின் எண்களைக் கிட்டத்தட்ட அப்படியே பேனலுக்கு அனுப்பியது. பேனலின் சிவப்பும் பச்சையும் வெளிறியவை என்பதால் துணி செத்துப்போன ஆரஞ்சாகத் தெரிந்தது. நிறம் தவறு, ஆனால் மடிப்புகள் எல்லாம் இருந்தன, ஏனென்றால் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ப்ரொஃபைல் வந்ததும் போட்டோஷாப் உண்மையான ஆரஞ்சைக் காட்டப் பார்க்கிறது. அதற்கு நீலத்தைச் சுழியத்துக்கும் கீழே கொண்டுபோக வேண்டும், சிவப்பை 255-க்கு மேலே தள்ள வேண்டும். இரண்டும் நடக்காது. கோப்பில் நீலம் 15, 25, 40 என்று மாறிய இடங்கள் எல்லாமே திரையில் 0 ஆகிவிடுகின்றன. மென்மையான மடிப்புகள் அந்த வித்தியாசத்தில்தான் இருந்தன. அதனால் நிறம் உண்மைக்கு அருகில் வந்தது, துணி மட்டும் தட்டையாகிவிட்டது.

அவள் கேட்டது நிறத்தைப் பற்றி என்று எடுத்துக்கொண்டால் என் பதில் சரி. பழைய காட்சியை நம்பியிருந்தால் ஆரஞ்சு செத்திருக்கிறது என்று செறிவை ஏற்றியிருப்பாள், பிரிண்ட் இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அவள் வாயில் வந்த வார்த்தை மடிப்பு. நிறம் என்று அவள் சொல்லவே இல்லை.

படம் தட்டையாக இருக்கிறது, திரை சரி என்று அண்ணன் சொல்லியாயிற்று, அப்படியானால் கோப்புதான் தட்டை. அவள் யோசித்த வழியில் ஒரு பிசகும் இல்லை. கர்வை வளைத்துத் துணியின் நிழல்களை ஆழமாக்கினாள். திரையில் மடிப்பு திரும்பி வந்தது. நேரமில்லை என்று, அச்சில் எப்படி வரும் என்று முன்கூட்டியே காட்டுகிற கான்ட்ராக்ட் புரூஃப் எடுக்காமலே வேலை போனது. அச்சில் ஏற்கெனவே இருந்த மடிப்போடு அவள் ஏற்றியதும் சேர்ந்துகொண்டது. நிழல்களில் சயானும் கறுப்பும் ஏறி, ஆரஞ்சுக்குள் அழுக்குப் பட்டைகள் போல ஆகிவிட்டது. அந்தப் பக்கத்திலேயே இருந்த முகங்களும் சாம்பல் பின்னணியும் திரையில் பார்த்த மாதிரியே வந்திருந்தன. அவை பேனலின் வரம்புக்குள் இருந்த நிறங்கள்.

இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. லைட்ரூம் கிளாசிக்கில் அச்சைத் திரையிலேயே பாவித்துக் காட்டுகிற Soft Proofing-ஐப் போட்டால் ஹிஸ்டோகிராமின் இடது மூலையில் இருக்கிற குறி, மானிட்டரால் காட்ட முடியாத பகுதிகளை நீலமாக்கிக் காட்டும். அந்தத் துணியைப் பிறகு அதில் போட்டுப் பார்த்தேன், துணியின் பெரும்பகுதி நீலம். DisplayCAL-இலும் சரிபார்க்கும்போது Simulation profile என்ற இடத்தில் FOGRA39 மாதிரி அச்சு ப்ரொஃபைலைக் கொடுத்தால், திரை அந்த அச்சு நிறங்களை எட்டுகிறதா என்று சோதிக்கும். இந்தப் பேனலில் அடர் நிறக் கட்டங்கள் எல்லாம் சிவப்பாகத்தான் வந்தன. பச்சை அறிக்கையும் பொய் சொல்லவில்லை, இதுவும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள்.

இவ்வளவையும் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அவசரத்தில் இருக்கிறவளிடம் நிற வரம்பைப் பற்றிப் பாடம் எடுத்தால் அவள் சென்சாரையே நம்பாமல் போயிருப்பாள் என்று தோன்றுகிறது. அளந்த திரையையும் சந்தேகப்படு என்று முதல் நாளே சொன்னால் பிறகு யார் அளப்பார்கள்? இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது நியாயமாகத்தான் படுகிறது, அப்புறம் அழுக்குப் பட்டைகள் ஞாபகம் வருகின்றன.

அவளிடம் இதையெல்லாம் பிறகு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அடர் நிறம் வந்தா எண்ணைப் பார்க்கணும், மத்ததுக்குத் திரையைப் பார்க்கணும், சரி. ஆனா எது அடர்னு திரையைப் பார்த்துத்தானே நான் முடிவு பண்ணுவேன்?" என்றாள். போட்டோஷாப்பில் எண்களைக் காட்டுகிற இன்ஃபோ பேனலில் எந்தச் சேனலாவது 0 அல்லது 255 ஓரத்துக்குப் போனால் சந்தேகப்படு என்றேன். அதுவும் முழுப் பதில் இல்லை. நீலம் 40 இருந்த இடமும் அன்று சிக்கிக்கொண்டதுதானே. வெளித் திரை ஒன்று, எஸ்ஆர்ஜிபியை முழுக்கக் காட்டுகிற மாதிரி, வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதிலும் அச்சின் சயான் முழுசாக அடங்காது என்பதை இந்த முறை முதலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன். "அப்படின்னா அதையும் எதுக்கு அளக்கணும்?" என்று கேட்டாள். சாம்பலுக்கும் தோல் நிறத்துக்கும் என்று சொன்னேன். அவளுக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை.