கழுத்தைப் பார்த்துச் சொன்னது

"அப்படியென்றால் இது குடியால் வந்த வியாதி இல்லையா, டொக்டர்?" என்று அந்த மனைவி கேட்டார். "இல்லை அம்மா, இது இதயத்திலிருந்து வருகிறது" என்றேன். அப்போது அவருடைய கணவரின் கழுத்தைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. அந்தப் பதிலை இன்றும் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தோட்டத் தொழிலாளி, ஐம்பதை நெருங்கும் வயது, மெலிந்த கைகள், நீர் கோத்த வயிறு, கொஞ்சம் குடிப்பழக்கம். நம் மலைநாட்டு வார்டுகளில் இப்படி ஒருவர் வந்தால் கல்லீரல் சிதைவு என்று எழுதக் கை தானாகவே போகும். அவருடைய அட்டையிலும் அப்படித்தான் இருந்தது. வயிற்று நீரை ஊசி வைத்து எடுப்பதும் அது மீண்டும் சேர்வதுமாகக் காலம் போயிருந்தது.

பயிற்சி டொக்டர் நோயாளியை 45 பாகை சாய்வில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, கழுத்தில் துடிப்பு எதுவும் தெரியவில்லை என்றார். அவர் பார்த்தது உண்மைதான். கழுத்து நாளத்தில் நாம் தேடுவது இரத்தம் எட்டி நிற்கும் மேல்மட்டம். அழுத்தம் மிக அதிகமானால் அந்த மட்டம் தாடைக்கு மேலே மறைந்துவிடும். நாளம் முழுவதும் நிரம்பி, அசைவே இல்லாததுபோல் தோன்றும். குளிருக்குச் சுற்றியிருந்த மப்ளரைக் கழற்றச் சொல்லி, அவரை நேராக நிமிர்ந்து உட்கார வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, வலது காது மடலின் நுனி ஆடுவது தெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே தோல் விசுக்கென்று உள்ளே விழுந்து மீண்டும் எழுந்தது.

தமனித் துடிப்பு வெளியே தள்ளும், விரலுக்குத் தட்டுப்படும். இங்கே விரலுக்கு ஒன்றும் படவில்லை, கழுத்தடியில் மெல்ல அழுத்தியதும் அசைவு நின்றது. மார்பெலும்பின் மேட்டிலிருந்து செங்குத்தாக அளந்தபோது இரத்த மட்டம் 12 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. 3 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே அதிகம். வலது மேலறை அந்த மேட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே இருப்பதாகக் கொள்வது வழக்கம் என்பதால், கூட்டினால் 17 சென்டிமீட்டர் நீர் அழுத்தம்.

பிறகு மூச்சை இழுக்கச் சொன்னேன். மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும், இரத்தம் இதயத்துக்குள் இறங்கும், கழுத்து மட்டமும் தாழும். இவருக்கு அது ஏறியது. உள்ளே வரும் இரத்தத்துக்கு இடம் கொடுக்க இதயத்தால் முடியவில்லை என்பதற்கான அடையாளம் அது. ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1873இல் விவரித்தது. இளவயதில் காசநோய்க்கு மருந்து எடுத்ததாகவும் சொன்னார். இதயத்தைச் சுற்றியுள்ள உறை தடித்து இறுகியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நினைத்தேன் என்றுதான் எழுத வேண்டும். வலது பக்க இதயம் கடுமையாகத் தளர்ந்தாலும் இதே ஏற்றம் வரலாம். வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கிறது என்பதைக் கழுத்து உறுதியாகச் சொல்லும். ஏன் கூடியது என்பதை ஊகிக்கத்தான் உதவும். கண்டியில் எடுத்த முதல் எக்கோ ஸ்கேனில் இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்றே வந்தது. இந்த நோயில் அப்படி வருவது உண்டு, கோளாறு சுருங்குவதில் இல்லை, விரிவதில். கழுத்தைப் பற்றி நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அங்கே சி.டி. ஸ்கேன் செய்தார்கள். உறை தடித்துச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அறுவைச் சிகிச்சையில் அதை உரித்தெடுத்தார்கள்.

ஆகவே நான் சொன்னது சரி. வயிற்றில் நீர் சேர்ந்தது இதயத்தால்தான். குடிகாரன் என்ற பேச்சை வீட்டிலும் லயத்திலும் கேட்டுக் கேட்டுக் கூனிப்போயிருந்த மனிதரிடம் அதைச் சொல்ல ஸ்கேன் வரும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்னதும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இரண்டு பாதிகள் இருந்தன. நீர் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கழுத்து பதில் சொன்னது. சாராயம் கல்லீரலை என்ன செய்திருந்தது என்பது அதில் தெரியாது. ஆண்டுக்கணக்கில் இரத்தம் தேங்கினால் கல்லீரலும் நார்கட்டிப் போகும். அதன்மேல் குடியும் சேர்ந்தால் தாங்காது. இதையும் அன்றே சொல்லியிருந்தால் அந்த நிமிடத்தில் யார் காதிலாவது விழுந்திருக்குமா? விழுந்திருக்காது என்றே சில நாட்களில் தோன்றுகிறது.

பல மாதங்களுக்குப் பிறகு கிளினிக்குக்கு இருவரும் வந்தார்கள். வயிறு வற்றியிருந்தது. கழுத்து மட்டம் மேட்டுக்கு மேல் 3 சென்டிமீட்டருக்குள் இறங்கியிருந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி சொன்னார்: "மறுபடி குடிக்கிறார், டொக்டர். குடியால் வந்ததில்லை என்று நீங்களே சொன்னீர்களாம்."

கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்து, இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன்.