பித்தளைக் கேள்வியும் S பூச்சியமாகும் இடமும்: திடநிலைப் பேப்பர் எழுதப்போகிறவர்களுக்கு

பெறுபேறு போன கிழமை வந்தது. திடநிலைப் பௌதிகத்தில் நினைத்ததை விட நல்ல தரம் கிடைத்திருக்கிறது, மனம் நிறைந்திருக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் போர்டிங்கில் இருக்கும் தம்பிமார் இந்தப் பேப்பர் பற்றியே கேட்டுக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். முழுப் பாடத்திட்டத்தையும் தொடப் போவதில்லை. என்னைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு கேள்விதான்: இருகூற்றுக் கலப்புலோகத்தில் ஒழுங்கு குலைவது, நீள்வீச்சு ஒழுங்குப் பரமானம் S அவதி வெப்பநிலை Tc இல் பூச்சியமாவது. கட்டாயப் பகுதியில் வந்தது, புள்ளியும் அதிகம்.

பிராக்–வில்லியம்ஸ் நிறுவல் எல்லோருடைய நோட்ஸிலும் இருக்கிறது. 1934 இல் வந்த கொள்கை, இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். பாடமாக்கி எழுதினால் பாதிப் புள்ளி வரும். மிச்சப் பாதி "Tc க்குக் கிட்ட S எப்படி நடந்துகொள்ளும், ஏன், பரிசோதனையோடு எவ்வளவு ஒத்துப்போகும்" என்பதில் இருக்கிறது. நோட்ஸில் அந்த இடம் நாலு வரியோடு போய்விடுகிறது.

முதலில் S என்றால் என்ன என்பதை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். பீற்றா பித்தளையை எடுங்கள்: செப்பும் நாகமும் சரிபாதி, உடல்மைய கனசதுரச் சாலகம். மூலைகள் எல்லாம் ஒரு உபசாலகம், மையங்கள் எல்லாம் இன்னொன்று. குளிராக இருக்கும்போது செப்பு ஒன்றிலும் நாகம் மற்றதிலும் இருக்கும். செப்புக்குரிய இடங்களில் உண்மையில் செப்பு இருக்கும் பின்னம் r என்றால் `S = 2r − 1`. அதாவது S = 0.5 என்றால் பாதி அணுக்கள் சரியான இடத்தில் என்று அர்த்தமில்லை, முக்கால்வாசி சரியான இடத்தில். பாதி சரி என்பதுதான் S = 0, ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டு அணுக்களைப் போட்டாலும் பாதி சரியாக விழும். இந்த ஒரு வரியை விடையின் தொடக்கத்தில் எழுதுங்கள். திருத்துபவருக்கு உங்களுக்கு விஷயம் விளங்கியது உடனே தெரியும்.

அடுத்தது சோடி எண்ணுவது. எல்லாமாக N தானங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு அயலவர், ஆகவே 4N சோடிகள். செப்பு–நாகம் சோடிகள் `2N(1 + S²)`, செப்பு–செப்பு `N(1 − S²)`, நாகம்–நாகம் அதேயளவு. எழுதியவுடன் சரிபாருங்கள்: S = 1 இல் 4N சோடியும் கலப்புச் சோடியாக வேண்டும், S = 0 இல் சரிபாதி. சில புத்தகங்களில் N என்பது ஒரு உபசாலகத்தின் தானங்கள் மட்டும், அங்கே எல்லாக் குணகமும் மாறும். இரண்டையும் கலந்து எழுதினால் Tc இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும், கடைசிவரை எங்கே பிழைத்தது என்று தெரியாது.

ஒரே வகைச் சோடிகளின் சராசரிச் சக்தியில் இருந்து கலப்புச் சோடியின் சக்தியைக் கழித்தால் வருவதை v என்று வையுங்கள். அது நேராக இருந்தால்தான் ஒழுங்கு வரும், மறையாக இருந்தால் இரண்டு உலோகமும் பிரிந்து போகும். பிறகு எந்திரப்பி Σ ஐச் சேர்த்து சுயாதீன சக்தி F ஐ எழுதி, S ஆல் வகையிட்டுப் பூச்சியமாக்குங்கள்:

`F = E₀ − 2NvS² − TΣ`
`Σ = Nk ln 2 − (Nk/2)[(1+S) ln(1+S) + (1−S) ln(1−S)]`
`ln[(1+S)/(1−S)] = 8vS/kT`

சிறிய S க்கு இடப்பக்கம் 2S ஆகிறது, `kTc = 4v` கையில் வந்துவிடும். இதையே `S = tanh(S·Tc/T)` என்றும் எழுதலாம். S = 0 எப்போதும் ஒரு தீர்வுதான். Tc க்குக் கீழே அது F இன் உயர்வுப் புள்ளி, இழிவுப் புள்ளி இல்லை. இரண்டாம் வகையீட்டை எடுத்துக் காட்டிவிடுங்கள், ஒரு வரிதான்.

இனித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. S–T வளையியை வரையச் சொன்னால் பெரும்பாலானவர்கள் tanh வளையியையும் நேர்கோட்டையும் வரைந்து வெட்டும் புள்ளியைக் காட்டுவார்கள். அது நல்லதுதான், ஆனால் எண் வராது. கல்குலேட்டரில் மீள்செய்கை செய்தால் Tc க்குக் கிட்டப் போகப்போக விடை அசையவே மாட்டேன் என்று நிற்கும். குப்பி எடுத்த எங்கள் சீனியர் அக்கா ஒருவர் சொன்னார்: "சமன்பாட்டைத் திருப்பிப் பிடியும் தம்பி. S ஐ நீரே எடும், T தானா வரும்." அவ்வளவுதான்:

`T/Tc = S / tanh⁻¹(S)`

மீள்செய்கை ஒன்றும் வேண்டாம். பித்தளையின் Tc ஐ ஏறத்தாழ 741 K, அதாவது 468 °C என்று எடுத்து ஐந்து புள்ளி போட்டுப் பாருங்கள்.

S = 0.9 → T/Tc = 0.611 → 453 K
S = 0.7 → 0.807 → 598 K
S = 0.5 → 0.910 → 674 K
S = 0.3 → 0.969 → 718 K
S = 0.1 → 0.997 → 738.5 K

இந்த அட்டவணையைக் கையால் போட்ட பிறகுதான் கேள்வியின் உயிர் விளங்கும். S 0.9 இல் இருந்து 0.7 க்கு இறங்க 145 K வேண்டியிருக்கிறது. 0.3 இல் இருந்து பூச்சியத்துக்கு இறங்க வெறும் 23 K. கடைசி 0.1 ஐ முடிக்க இரண்டரை K மட்டுமே. வளையி Tc இல் வெப்பநிலை அச்சை நிலைக்குத்தாகத் தொடுகிறது, ஆனால் தாவவில்லை. உங்கள் வரைபில் இந்த இரண்டும் தெரிய வேண்டும். பலர் S ஐ ஒரு சாய்கோடு மாதிரிக் கொண்டுவந்து அச்சில் முட்டவிடுகிறார்கள், அதற்குப் புள்ளி போகும்.

ஏன் இப்படிச் சரிகிறது என்றும் கேட்பார்கள். ஒரு செப்பையும் ஒரு நாகத்தையும் இடம் மாற்ற வேண்டிய சக்தி நிலையானது இல்லை, அது S உடன் குறைகிறது. அயலில் உள்ளவர்கள் ஏற்கெனவே இடம் மாறியிருந்தால் நானும் மாறுவதற்குத் தண்டனை குறைவு. கோட்டை ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசை கொஞ்சம் குலைந்தால் மற்றவர்களுக்கு வரிசையில் நிற்கக் காரணமே இல்லாமல் போவது போலத்தான். ஒழுங்கு குறையக் குறைய அதைக் காக்கும் சக்தியும் குறைகிறது, அதனால் கடைசி இறக்கம் அவ்வளவு வேகமாக இருக்கிறது. "கூட்டுச் செயற்பாடு" என்ற சொல்லை மட்டும் எழுதாமல் இந்தக் காரணத்தை எழுதுங்கள்.

இனி பரிசோதனை. எனக்கு எண் பிடிக்கும், அதனால் இந்தப் பகுதி எனக்கு இலகுவாக இருந்தது. கோட்பாட்டை வார்த்தையில் விளக்கப் பிடித்தவர்கள் மேலுள்ள பந்தியை நீட்டி எழுதி இதைச் சுருக்கலாம், இரண்டும் செல்லும்.

S ஐ அளப்பது மேற்சாலகக் கோடுகளால். h + k + l ஒற்றையாக உள்ள கோணல் கோடுகளின் வீச்சம் இரண்டு அணுக்களின் சிதறல் வித்தியாசத்தை S ஆல் பெருக்கியது, ஆகவே செறிவு S² க்கு விகிதசமன். S போனால் அந்தக் கோடுகளும் போய்விடும், மற்றக் கோடுகள் நிற்கும். பித்தளையில் சிக்கல் என்னவென்றால் செப்பின் அணுவெண் 29, நாகத்தினது 30. எக்ஸ்-கதிருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து வர்க்கித்தால் 1/59 இன் வர்க்கம், பத்தாயிரத்தில் மூன்று பங்கு. நியூத்திரனுக்குச் சிதறல் நீளங்கள் 7.7, 5.7 பெம்ட்டோமீற்றர் அளவு, அதே கணக்கு நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் கொடுக்கும். அதனால்தான் பித்தளைக்கு நியூத்திரன். "ஏன் எக்ஸ்-கதிர் போதாது" என்ற உபகேள்விக்கு இந்த எண்களோடு எழுதினால் முழுப் புள்ளி.

பிராக்–வில்லியம்ஸ் சொல்வது Tc க்குக் கிட்ட `S ≈ √3 (1 − T/Tc)^0.5`. நியூத்திரனில் அளந்த அடுக்கு ஏறத்தாழ 0.3, முப்பரிமாண ஈசிங் மாதிரியின் 0.326 க்குக் கிட்ட. உண்மையான வளையி இன்னும் அதிக நேரம் உயரத்தில் நின்று இன்னும் செங்குத்தாக விழுகிறது. காரணம், இந்தக் கொள்கை ஒவ்வொரு அணுவும் சராசரியை மட்டும் பார்க்கிறது என்று எடுக்கிறது. பக்கத்து அணுக்களுக்கு இடையே உள்ள தொடர்பை விட்டுவிடுகிறது.

அதே குறைதான் Tc க்கு மேலேயும் வெளிப்படும். S = 0 என்றால் அணுக்கள் முற்றிலும் தற்செயலாக இருக்கின்றனவா என்று கேட்டால், இல்லை. தூரத்துத் தானங்களுக்கு இடையே ஒப்பந்தம் போய்விட்டது, ஆனால் ஒரு செப்பைச் சுற்றி நாகம் இருக்கும் நிகழ்தகவு பாதியை விட இன்னும் கூட. பிராக்–வில்லியம்ஸில் தன்வெப்பக் கொள்ளளவு Tc இல் அணுவுக்கு 3k/2 அளவு விழுந்து அதற்கு மேல் மேலதிகமாக ஒன்றும் இல்லை. பரிசோதனையில் Tc க்கு மேலே ஒரு வால் நீள்கிறது. அந்த வால்தான் குறுவீச்சு ஒழுங்கு, 1935 இல் பேத்தே இதைக் கணக்கில் எடுத்தார். வரைபில் வாலை வரைந்து பெயர் எழுதுங்கள்.

எழுதும் ஒழுங்கு, நான் செய்தபடி:
– S இன் வரைவிலக்கணம், S = 0, S = 1 இரண்டுக்கும் பொருள்
– சோடி எண்ணிக்கை, எல்லைச் சரிபார்ப்பு
– F, Tc, S = 0 ஏன் நிலையற்றது
– திருப்பிய சமன்பாட்டில் ஐந்து புள்ளி, வரைபு
– அடுக்கு, வால்

நேரம் போதவில்லை என்றால் மூன்றாவதில் சில வரி விட்டுவிட்டு நான்காவதுக்குப் போங்கள். நான்காவதை விடவே வேண்டாம்.

கடைசி உபகேள்வி சிலவேளை Cu₃Au ஆக இருக்கும், அதற்கு மட்டும் இதே விடையைத் தூக்கி வைக்க வேண்டாம். பித்தளையில் இரண்டு உபசாலகத்தின் பெயரையும் மாற்றினால் S வெறுமனே −S ஆகும், சக்தி மாறாது, ஆகவே F இல் S இன் இரட்டை அடுக்குகள் மட்டுமே வரும், S தொடர்ச்சியாக இறங்கும். Cu₃Au இல் மூலைகள் தங்கத்துக்கு, முகமையங்கள் செப்புக்கு, ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம். இரண்டும் சமமில்லை என்பதால் S³ உறுப்பு நிற்கிறது. அதனால் மாற்றம் முதலாம் வரிசை: ஏறத்தாழ 390 °C இல் S திடீரென்று விழும், மறைவெப்பமும் உண்டு. பிராக்–வில்லியம்ஸ் கணக்கில் அந்தத் தாவல் 0.46 இல் இருந்து பூச்சியத்துக்கு, உண்மையான கலப்புலோகத்தில் அதைவிடப் பெரியது. இங்கே சிறிய S க்கு மடக்கையை விரித்து Tc எடுக்கும் வழி பிழையான வெப்பநிலையைத் தரும். S = 0 இலும் S ≠ 0 இலும் F சமனாகும் வெப்பநிலையைத் தேட வேண்டும், அதற்கு F–S வரைபை மூன்று வெப்பநிலைக்கு வரைந்து காட்டினால் போதும்.