தீட்டா சிக்கினால் t: ஆய்லர் பிரதியிடல் எனக்குக் கைவந்த விதம்

பி.எஸ்சி. கணிதம் படித்த நாட்களில் தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடிதான் எனக்குப் படிப்பறை. காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று வந்தால் மீன் வாசனையும் சேர்ந்து வரும், தாள் பறக்காமல் மேலே செருப்பை வைத்துக்கொள்வேன். தொகை நுண்கணிதத்தில் ஒரு கணக்கு அங்கே என்னை இரண்டு மாலை உட்கார வைத்தது:

∫ dx / (x + √(x² + x + 1))

வர்க்கமூலத்துக்குள் இருபடி இருந்தால் வர்க்கமாக நிரப்பு, அப்புறம் தீட்டா போடு என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. x² + x + 1 = (x + ½)² + ¾. அதனால் x + ½ = (√3/2) tan θ என்று வைத்தேன். வர்க்கமூலம் அழகாக (√3/2) sec θ ஆனது. ஆனால் வெளியே தனியாக நிற்கும் x இருக்கிறதே, அது (√3/2) tan θ − ½ ஆகிவிட்டது. சுருக்கிப் பார்த்தால் இப்படி வந்து நின்றது:

∫ √3 dθ / ( cos θ · (√3(1 + sin θ) − cos θ) )

இதற்கு மேல் போக tan(θ/2) என்று இன்னொரு பிரதியிடல் வேண்டும். முடித்த பிறகு θ/2-இலிருந்து θ-வுக்கும், θ-விலிருந்து x-க்கும் திரும்பி வர வேண்டும். அந்த வழியில் விடை வராது என்றில்லை. வருவதற்குள் தேர்வு மணி அடித்துவிடும்.

எதிர்வீட்டு அண்ணன் அப்போது எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மூலத்தையே t மைனஸ் x-னு வெச்சிப் பாருடா, ரெண்டு பக்கமும் x ஸ்கொயர் அடிபட்டுடும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு ஆய்லர் பிரதியிடல் என்று பெயர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

√(x² + x + 1) = t − x என்று வைத்து இருபுறமும் வர்க்கப்படுத்தினால்:

x² + x + 1 = t² − 2tx + x²

x² போய்விடுகிறது. மிஞ்சுவது x-இல் ஒருபடிச் சமன்பாடு, அதனால் x = (t² − 1)/(2t + 1). இதை வகையிட்டால் dx = 2(t² + t + 1)/(2t + 1)² dt. பகுதியில் இருந்த x + √(x² + x + 1) என்பது t-யேதான். ஆகவே தொகை,

∫ 2(t² + t + 1) / ( t(2t + 1)² ) dt

என்று வெறும் விகிதமுறு சார்பாகிவிட்டது. இனி பகுதிப் பின்னம்தான்: 2/t − 3/(2t + 1) − 3/(2t + 1)². t = 1 போட்டுச் சரிபாருங்கள். இடப்பக்கம் 6/9, வலப்பக்கம் 2 − 1 − ⅓, இரண்டும் ⅔. இந்த இருபது விநாடிச் சோதனையை நான் எப்போதும் விடமாட்டேன், ஏனென்றால் இந்த முறையில் தப்பு நுழைகிற முதல் இடம் பகுதிப் பின்னம்தான். தொகையிட்டால்:

2 ln|t| − (3/2) ln(2t + 1) + 3/(2(2t + 1)) + C, இங்கே t = x + √(x² + x + 1)

2t + 1-க்கு மட்டுக்குறி போடவில்லை, கவனித்தீர்களா? மூலத்தின் மதிப்பு எப்போதும் |x + ½|-ஐ விடப் பெரியது. அதனால் t எப்போதும் −½-க்கு மேலேதான் இருக்கும். ஆனால் x = −1 என்றால் t = 0. மூலச் சார்பும் அங்கேதான் வெடிக்கிறது, ஆகவே −1-ஐத் தாண்டும் எல்லைகளுக்கு இந்த விடையைப் போடக்கூடாது.

0 முதல் 1 வரை கேட்டால் x-க்குத் திரும்பவே வேண்டாம். t-யின் எல்லைகள் 1, 1 + √3. மதிப்பு சுமார் 0.5907. சிம்ப்சன் விதியில் நான்கு பட்டை போட்டால் 0.5909 வருகிறது, போதும்.

இந்த t எங்கிருந்து குதித்தது என்று எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். y = √(x² + x + 1)-ஐ y² = x² + x + 1 என்ற அதிபரவளையமாகப் பார்த்தால் விஷயம் தெளியும். y = t − x என்பது அதன் தொலைத்தொடுகோடு ஒன்றுக்கு இணையான கோடு. சாதாரணக் கோடு வளைவை இரண்டு இடத்தில் வெட்டலாம், இது ஒரே இடத்தில்தான் வெட்டும். அதனால்தான் ஒருபடிச் சமன்பாடு கிடைத்து, x வர்க்கமூலமில்லாமல் வெளியே வந்தது. x²-இன் கெழு a நேர்மமாக இருந்தால் √a·x-ஐ வைத்து இதையே செய்யலாம்.

a குறைமமாக இருந்தால் தொலைத்தொடுகோடே கிடையாது. ஆனால் அப்போது இருபடிக்கு மெய்மூலங்கள் இருந்தே தீரும், இல்லாவிட்டால் மூலக்குறிக்குள் எப்போதும் குறை எண்தான். உதாரணமாக √((x − 2)(3 − x)) = t(x − 2) என்று வைக்கலாம். இது வளைவின் மேல் உள்ள (2, 0) வழியே போகும் கோடு. ஒரு வெட்டுப்புள்ளி ஏற்கெனவே தெரியும், மிஞ்சுவது ஒன்றுதான். x இல்லாத மாறிலி உறுப்பு c நேர்மமானால் மூலம் = xt + √c என்று மூன்றாவதும் உண்டு. முதல் இரண்டுமே எல்லாவற்றையும் மூடிவிடுவதால் நான் அதை அதிகம் தொட்டதில்லை.

நான் அடிவாங்கியது மெய்மூலத்தை வைத்துப் போகும் அந்த இரண்டாவது வழியில்தான். செமஸ்டர் தேர்வில் −7 முதல் −3 வரை ∫ dx/√(x² + 2x − 3) கேட்டிருந்தார்கள். (x − 1)(x + 3) என்று காரணிகள் பளிச்சென்று தெரிந்ததால் √ = t(x − 1) என்று வைத்தேன். dx/√ = 2dt/(1 − t²) என்பதுவரை சரி. எல்லை மாற்றும்போது t² = (x + 3)/(x − 1), x = −7-இல் அது ½. உடனே t = 1/√2 என்று எழுதிவிட்டேன். விடை −2 ln(1 + √2), அதாவது −1.763.

மூலம் நேர்மம், சார்பு முழுக்க நேர்மம், எல்லை இடமிருந்து வலம். தொகை எப்படிக் குறைமமாகும்? அதைத் தேர்வறையில் பார்க்கவில்லை, ராயபுரம் பேருந்தில் திரும்பும்போதுதான் உறைத்தது. x − 1 அங்கே குறைமம், மூலம் நேர்மம், ஆகவே t குறைமமாக இருந்தாக வேண்டும்: t = −1/√2. அப்படிப் போட்டால் +1.763. t²-இலிருந்து t-ஐ எடுக்காதீர்கள். √ ÷ (x − 1) என்று நேரடியாக, குறியோடு கணக்கிடுங்கள். எல்லைகளுக்கு நடுவே x − 1 பூச்சியமாகிறதா என்றும் பாருங்கள், அப்படி ஆகிறதென்றால் அதற்கு ஒரு பக்கத்தில் மூலக்குறிக்குள் குறை எண் வந்துவிடும், அந்த எல்லைகளே செல்லாது.

எல்லாவற்றுக்கும் இதை இழுக்கவும் வேண்டாம். √(9 − x²) மட்டும் தனியாக நின்றால் x = 3 sin θ-தான் வேகம், t போட்டால் பகுதியில் (1 + t²)-இன் படிகள் குவிந்து நீங்களே வேலையை வளர்த்துக்கொள்வீர்கள். மூலத்தோடு ஒரு x கூட்டலில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நான் t-க்குப் போகிறேன். மூலத்துக்குள் x³ வந்துவிட்டால் பொதுவாக இந்த வித்தை செல்லாது, அந்த வளைவில் மிச்சப் புள்ளியை ஒன்றாக்கித் தரும் இப்படிப்பட்ட கோட்டுக் கூட்டம் கிடைக்காது.