தகுதித் தேர்வு எழுதிய நேரத்துக்குக் கூலி யார் தருவது?

செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி தரப் படங்களிலும் வாக்கியங்களிலும் குறியிடும் வேலையை இணையத் தளங்கள் தருகின்றன. 'மணிக்கு 6 டாலர் வரை' என்று அறிவித்திருந்த அப்படியொரு தரவுக் குறியிடும் திட்டத்தில், செலவழித்த நேரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது மணிக்கு 55 சென்ட்தான். கணக்குத் தொடங்குவது, அடையாளச் சான்றைப் பதிவேற்றுவது, பணம் பெறும் வழியை இணைப்பது எல்லாம் தடையின்றி முடிந்தன. அதற்குப் பின்னால் வந்தவற்றில்தான் கூலி கரைந்தது.

சாலைப் படங்களில் தெரியும் ஒவ்வொரு வாகனத்தையும் சுற்றிப் பெட்டி வரைய வேண்டும். ஒரு படத்துக்கு 5 சென்ட். படத்துக்கு 30 விநாடி போதும் என்று தளம் வைத்துக்கொண்ட கணக்கிலிருந்துதான் அந்த 6 டாலர் வருகிறது. ஆளரவமற்ற சாலை என்றால் 30 விநாடி போதும். நெரிசலான சந்திப்பு என்றால், பேருந்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் இருசக்கர வண்டியின் மறைந்த பகுதியையும் பெட்டிக்குள் சேர்ப்பதா, கடைக் கண்ணாடியில் தெரியும் காரின் பிம்பத்தைக் குறிப்பதா என்று ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் விளிம்பு சற்று விலகியிருந்தாலும் படம் திரும்பி வந்துவிடும். திருத்தும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

தளத்தின் டைமர் படம் திறந்திருக்கும் நேரத்தை மட்டுமே எண்ணுவதால், நானே தனியாக ஒரு குறிப்பேட்டில் நேரத்தை எழுதி வந்தேன். கையேடு படிக்க 50 நிமிடம், தகுதித் தேர்வுக்கு 45 நிமிடம். பிறகு 40 படங்களுக்கு 60 நிமிடம், அடுத்த படம் வருவதற்காகக் காத்திருந்தது 20 நிமிடம், திரும்பி வந்தவற்றைத் திருத்தியது 15 நிமிடம். ஐந்து படங்கள் இறுதியில் நிராகரிக்கப்பட்டதால், 35 படங்களுக்கு 1 டாலர் 75 சென்ட் வந்தது. மொத்த நேரம் 190 நிமிடம். இதில் சரிபாதி, வேலை தொடங்கும் முன்பே கழிந்த நேரம். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலும் மணிக்கு 1 டாலர் 10 சென்ட்தான் தேறுகிறது. அதாவது, அந்த வேகத்தில் அத்திட்டம் எத்தனை மாதம் நீடித்திருந்தாலும் அதற்கு மேல் கூலி உயர்ந்திருக்காது. இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவே கட்டுப்படியாகவில்லை என்றால், தேர்வில் தேறியும் பயனில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2017-இல் இத்தகைய தளங்களின் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், கூலி கிடைத்த நேரத்தை மட்டும் எண்ணினால் சராசரி மணிக்கு 4.43 டாலர், கூலியில்லா நேரத்தையும் சேர்த்தால் 3.31 டாலர். வேலை தேடுவதும் தகுதித் தேர்வு எழுதுவதும் அந்தக் கூலியில்லா நேரத்தில் அடங்கும்.

என்னை இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது வேறொரு தளத்தில் எழுதிய தேர்வு. நூறு வாக்கியங்களைத் தரப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை முழு வாக்கியத்தில் எழுதச் சொன்னார்கள். முடித்ததும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற வரி தோன்றியது; முடிவு வரவே இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதியபோது, தகுதி பெற்றவர்களுக்கு மட்டுமே தெரிவிப்போம் என்று ஒரே அச்சில் வார்த்த பதிலை இருமுறை அனுப்பினார்கள். என் விடைகளை அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் உண்மையான தேர்வில் சரியான விடை முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பதால், பெட்டி வரைதல், தரவரிசை போன்றவற்றில் மதிப்பெண் பெரும்பாலும் உடனே வந்துவிடும். மதிப்பெண்ணும் இல்லாமல், தவறிய கேள்வி எது என்ற குறிப்பும் இல்லாமல், உண்மை வேலையைப் போலவே நீளும் தேர்வைச் சந்தேகப்பட்டே ஆக வேண்டும்.

ஆகவே இப்போது தேர்வைத் தொடங்கும் முன் உதவிப் பிரிவிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்கிறேன்: பயிற்சிக்கும் தேர்வுக்கும் கூலி உண்டா, தேறியவர்களுக்கு இப்போதே வேலை காத்திருக்கிறதா, முடிவு எத்தனை நாளில் வரும். 'வேலை அவ்வப்போது வரும்' என்று பதில் வந்தால் விலகிவிடுகிறேன். கையேடு திருத்தப்படும்போது மறுதேர்வு எழுத வேண்டுமா என்பதையும் விசாரிப்பது நல்லது. நடுவழியில் வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். பணம் எடுப்பதற்கான குறைந்தபட்சத் தொகையையும் பார்த்துவிடுங்கள். அதை எட்டும் முன் திட்டம் முடிந்தால், சம்பாதித்தது கணக்கிலேயே முடங்கும்.

இப்படிக் கேட்டதால் ஒரு திட்டத்தில் பலன் கிடைத்தது. பயிற்சிக்குக் கூலி உண்டு, ஆனால் தனிப் படிவத்தில் கோரினால்தான் தருவோம் என்று பதில் வந்தது. அந்தப் படிவம் பணிப் பக்கத்தில் எங்கும் இல்லை, பதிலில் வந்த இணைப்பில்தான் இருந்தது. தேர்வு தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து அனுப்பினேன். அடுத்த பட்டுவாடாவில் அந்த நேரத்துக்கான தொகை முழுவதும் வந்து சேர்ந்தது.