பார்ட்னர்ஷிப் டீட்டை இரண்டு முறை எழுதினோம்

2025 ஜூனில் திருப்பூரில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து அட்டைப்பெட்டி செய்யும் சிறு தொழில் ஒன்றைத் தொடங்கினோம். நானும் என் மச்சானும் ஆளுக்கு 4 லட்சம் போட்டோம். மச்சானின் நண்பர் 2 லட்சம் போட்டார், ஆனால் முழு நேரமும் ஷெட்டில் நின்று வேலையைப் பார்ப்பவர் அவர்தான். லாபம் 40, 40, 20 என்று பிரித்துக்கொள்வது. அவருக்கு மாதம் 15,000 சம்பளம். எல்லாம் ஒரு டீக்கடை பெஞ்சில் பேசி முடித்தது.

பேசியதைப் பத்திரமாக எழுதும் பார்ட்னர்ஷிப் டீட் என்பது ஒரு சடங்கு என்றுதான் நினைத்தோம். முத்திரைத்தாள் வாங்கி, டைப்பிங் சென்டரில் அவர்களிடம் இருந்த மாதிரியில் எங்கள் பெயர்களையும் தொகைகளையும் போடச் சொல்லி, மூவரும் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் சீல் வாங்கிவிட்டோம். ஆறு பக்கம். யாரும் முழுசாகப் படிக்கவில்லை. நிறுவனத்துக்கான பான் அட்டைக்கு அந்த டீட்டின் நகலே போதுமானதாக இருந்தது. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

நடப்புக் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனபோதுதான் முதல் தடங்கல். கேட்டவை மூன்று: நிறுவனத்தின் பான், டீட், பதிவுச் சான்றிதழ். மூன்றாவதை நான் கையில் இருந்த டீட்டிலேயே காட்டினேன், நோட்டரி சீல் இருக்கிறதே என்று. அதிகாரி பொறுமையாக விளக்கினார். நோட்டரி சீல், கையெழுத்துப் போட்டது நீங்கள்தான் என்பதற்கான சாட்சி. அது நிறுவனப் பதிவு ஆகாது. நிறுவனப் பதிவு என்பது 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி பதிவுத்துறையில் செய்வது. பதிவு செய்யாத நிறுவனத்தையும் வங்கி அடியோடு ஒதுக்குவதில்லை. ஆனால் அதைப் பதிவில்லாத சங்கங்களோடு ஒரே வரிசையில் வைத்து, தீர்மானம், அதிகாரப் பத்திரம் என்று வேறு காகிதங்களைக் கேட்பார்கள்.

அவரே டீட்டைப் புரட்டி இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். 7-வது பத்தியில் ‘பங்குதாரர்களில் யாரேனும் ஒருவர் வங்கிக் கணக்கை இயக்கலாம்’ என்று இருந்தது. 11-வது பத்தியில் ‘காசோலைகளில் இருவர் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்’ என்று இருந்தது. ஒரே பத்திரத்தில் இரண்டு விதம். எதை நம்பி நாங்கள் செக்கைப் பாஸ் செய்வது என்று கேட்டார், நியாயம்தானே. கடன் வாங்கும் அதிகாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதையும் சொன்னார். பிறகு ஓவர்டிராஃப்ட் கேட்டு வந்தால் அந்த வரி இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும் என்றார்.

அந்தக் கோடுகளோடு டீட்டை ஆடிட்டரிடம் கொண்டுபோனேன். அவர் வங்கி குறித்த இடங்களைப் பார்க்கவே இல்லை. நேராகச் சம்பளப் பத்தியைத் தேடினார். ‘வேலை செய்யும் பங்குதாரருக்கான ஊதியம் அவ்வப்போது பங்குதாரர்கள் கலந்து பேசி முடிவு செய்யப்படும்.’ இதுதான் வாசகம். படித்தால் ஒரு குறையும் தெரியாது.

"இந்த வரியை வெச்சுக்கிட்டு நீங்க அவருக்கு எவ்வளவு குடுத்தாலும் வருமான வரியில செலவா ஏத்துக்க மாட்டாங்க சார்" என்றார்.

பங்குதாரர் ஒருவருக்குத் தரும் சம்பளத்தை நிறுவனம் செலவாகக் கழிக்க வேண்டுமென்றால், அவர் உண்மையிலேயே வேலை செய்பவராக இருக்க வேண்டும். தொகையோ, அதைக் கணக்கிடும் முறையோ டீட்டிலேயே இருக்க வேண்டும். டீட்டின் தேதிக்கு முந்தைய காலத்துக்குக் கொடுத்தது செல்லாது. முதலுக்கான வட்டியும் அப்படித்தான். டீட் அனுமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் வரை கழிக்கலாம். எங்கள் மாதிரியில் வட்டி பற்றிய பேச்சே கிடையாது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். வட்டியையும் சம்பளத்தையும் கழிப்பதற்கு முன் ஓர் ஆண்டின் லாபம் 6,20,000 என்று வைத்துக்கொண்டார். 10 லட்சம் முதலுக்கு 12 சதவீத வட்டி 1,20,000. அதைக் கழித்தால் 5,00,000. இதில் சம்பளத்துக்கு உச்சவரம்பு 3 லட்சம் அல்லது 90 சதவீதம், எது அதிகமோ அது. ஆகவே 4,50,000 வரை இடம் இருக்கிறது. நாங்கள் தருவது 1,80,000தான். மீதி 3,20,000-க்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 99,840. டீட்டில் அந்த இரண்டு பத்தியும் இல்லையென்றால் 6,20,000-க்கும் கட்ட வேண்டும், 1,93,440. வித்தியாசம் 93,600 ரூபாய். வட்டியும் சம்பளமும் அவரவர் கணக்கில் வருமானமாகத்தான் வரும், ஆனால் அங்கே அவரவர் வரி விகிதம்தான். அந்தத் தாளை இன்னும் ஷெட்டில் பைலில் வைத்திருக்கிறேன்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், வட்டி என்று ஆண்டில் 20,000-க்கு மேல் போனால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நாங்கள் அதற்காக டான் எண்ணும் வாங்கினோம்.

சரி, டீட்டைப் புதிதாகவே எழுதினோம். நிறுவனப் பதிவுக்குப் போகும் முன்பே தெரிந்தது எங்கள் அதிர்ஷ்டம். சம்பளம் மாதம் 15,000, ஆள் யார், எந்த வேலைக்கு என்று எழுதினோம். வட்டி 12 சதவீதம். கணக்கை இருவர் சேர்ந்து இயக்குவது, கடன் வாங்க மூவரும் கையெழுத்திடுவது. பங்கு விகிதம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் மூன்று தடவை பார்த்தோம், ஏனென்றால் எழுதாவிட்டால் சட்டம் எல்லோருக்கும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். சம்பளமும் அப்படியே, எழுதாவிட்டால் கேட்க உரிமை இல்லை.

பெயரில்தான் நேரம் போனது. மச்சானின் நண்பருக்கு ஆதாரில் இனிஷியல், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. டீட்டில் பான்படி பெயரை எழுதி, ஆதாரில் உள்ள வடிவத்தையும் ‘என்கிற’ போட்டுச் சேர்த்தோம். நம் ஊரில் இனிஷியல் இருக்கிற எவருக்கும் இது வரும்.

பதிவுக்கு tnreginet.gov.in தளத்தில் விண்ணப்பம். நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் இடம், ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி, முழுப் பெயர், நிரந்தர முகவரி, நிறுவனம் எவ்வளவு காலத்துக்கு என்பவைதான் கேட்பது. மூவரும் கையெழுத்திட வேண்டும். இது கட்டாயமா என்று மச்சான் கேட்டார். கட்டாயம் இல்லை. வருமான வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் பதிவு தேவையில்லை. ஆனால் நாங்கள் பெட்டியை 60 நாள் கடனுக்குத்தான் விற்கிறோம். பதிவில்லாத நிறுவனம் பாக்கியைக் கேட்டு வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்குக்கு உதவாது. புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

ஜிஎஸ்டியில் டீட்டைப் பற்றிக் கேள்வியே வரவில்லை, முகவரியில்தான் வந்தது. ஷெட் என் மாமியாருடையது. கரண்ட் பில் இன்னும் மாமனார் பெயரில், அவர் இறந்து நாலு வருஷம். தெளிவு கேட்டு நோட்டீஸ், ஏழு வேலை நாளுக்குள் பதில். மாமியார் பெயரில் இருந்த சொத்து வரி ரசீது, அவருடைய சம்மதக் கடிதம், மாமனாரின் இறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஏற்றியதும் எண் வந்துவிட்டது.

பதிவுக்குப் போகும் முன், புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாக இருந்த நாளில் மச்சான் நண்பரின் மனைவியும் வந்திருந்தார். "அண்ணா, நாளைக்கு இவருக்கு ஒண்ணுன்னா இந்த 2 லட்சம் என்னாகும்?" என்று கேட்டார். டீட்டில் வேறு விதமாக எழுதாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் நிறுவனமே கலைந்துவிடும் என்பது எங்கள் மூவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்று கையெழுத்துப் போடவில்லை. நிறுவனம் தொடரும், இறந்தவரின் முதலும் அதுவரையிலான லாபமும் 6 மாதத்துக்குள் குடும்பத்துக்குக் கொடுக்கப்படும் என்று ஒரு பத்தி சேர்த்து, மறுநாள் அவரையே படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போட்டோம்.