மூலையை வெட்டவா, வெளிச்சம் ஏற்றவா: விருச்சிகத்தை எடுத்துப் பார்த்த அனுபவம்

மார்ச் மாத அமாவாசையை ஒட்டி ஜவ்வாது மலையில் ஒரு விடியற்காலை. விருச்சிகம் தெற்கே நன்றாக ஏறி வந்திருந்தது. ஃபுல் ஃப்ரேம் கேமரா, 50 மிமீ லென்ஸ், எஃப் 1.8-இல் முழுக்கத் திறந்து, வானம் சுழலும் வேகத்திலேயே திரும்பும் சின்ன டிராக்கர் மேல் வைத்து, ஒவ்வொன்றும் 60 விநாடியாக 40 படங்கள் எடுத்தேன். தலைப் பக்கம் அனுஷம், நடுவில் கேட்டை, கொடுக்கில் மூலம், இடது பக்கம் தனுசின் எம்8 மேகம், இடது மேல் மூலையில் இன்னொரு மேகமான எம்17. எல்லாம் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும் என்பதுதான் ஆசை.

வீட்டுக்கு வந்து ஒரு படத்தைத் திறந்தால் நான்கு மூலையும் கறுத்திருந்தன. வெறும் கண்ணுக்கு அது அழகாகவே இருந்தது. ஆனால் வான்படத்தில் மங்கலானதை மேலே இழுத்துத்தான் காட்ட வேண்டும். அப்படி இழுத்தவுடன் நடுவானம் சாம்பலாகி, மூலைகள் கரி பூசினாற்போல நின்றன. எம்17 அந்தக் கரிக்குள் சிக்கிக்கொண்டது.

மூலை ஏன் கறுக்கிறது என்பதை லென்ஸைக் கழற்றிக் கையில் வைத்தே பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியே பார்த்தால் திறப்பு முழு வட்டமாகத் தெரியும். மெதுவாகச் சாய்த்தால் அந்த வட்டம் ஒடுங்கிப் பாதாம்பருப்பு வடிவத்துக்கு வந்துவிடும். முன் கண்ணாடியின் விளிம்பும் பின் கண்ணாடியின் விளிம்பும் ஆளுக்கொரு பக்கம் வட்டத்தைக் கடித்துவிடுகின்றன. மூலைக்குப் போகும் ஒளி அந்தப் பாதாம் வழியாகத்தான் போகிறது. இதுபோக, சாய்ந்து விழும் ஒளி இயல்பாகவே குறையும். 50 மிமீ லென்ஸில் அந்தக் குறைவு மட்டும் இருந்தால் மூலையில் நூற்றுக்கு எழுபது பங்கு ஒளி மிஞ்சும். என் லென்ஸில் மிஞ்சியது இருபத்தைந்துதான்.

இருபத்தைந்து என்பதை அளந்துதான் சொல்கிறேன். படங்களை எடுத்து முடித்ததும் விடியத் தொடங்கியது. ஃபோகஸைத் தொடாமல், எஃப் 1.8-ஐ மாற்றாமல், வெள்ளை பனியனை இரண்டாக மடித்து லென்ஸ் மேல் சுருக்கமில்லாமல் கட்டி, வெளுத்து வரும் வானத்தின் உச்சியைப் பார்த்து, லென்ஸின் மூலை இருட்டை மட்டும் பதிவுசெய்யும் 30 ஃப்ளாட் படங்கள் எடுத்தேன். ஷட்டரை மட்டும் கூட்டிக் குறைத்து ஹிஸ்டோகிராம் மலை நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். இவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஒளி இல்லாமலே கேமரா எழுதும் அடிமதிப்பைக் கழித்து, சிரில் மென்பொருளில் சின்னச் சின்னக் கட்டமாக அளந்தால் நடுவில் 8000, கோடி மூலையில் 2000. நாலில் ஒரு பங்கு.

அளந்ததும் முதலில் தோன்றியது வெட்டிவிடலாம் என்பதுதான். வெட்டினால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டேன். இதில் எனக்கு ஒரு விஷயம் புதிதாகப் பட்டது. படம் 6000 × 4000. அதே 3:2 வடிவத்தை வைத்துக்கொண்டு நாலு பக்கமும் ஒரே விகிதத்தில் உள்ளே வந்தால், மூலை மையத்தை நோக்கி ஐந்தில் ஒரு பங்கு நகர்வதற்குள் 4800 × 3200 ஆகிவிடும். 24 மெகாபிக்ஸலில் 15 சொச்சம்தான் மிச்சம். நூற்றுக்கு 36 போய்விட்டது. ஆனால் மேலும் கீழும் தொடாமல் இரு ஓரங்களை மட்டும் வெட்டி 4000 × 4000 சதுரமாக்கினால் 33-தான் போகிறது, மூலையோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உள்ளே வந்துவிடுகிறது. இருட்டு என்பது மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. சதுரம் வட்டத்துக்கு நெருக்கமான வடிவம் என்பதால் அதில் வீணாவது குறைவு.

இதே காரணத்தால் 16:9 மோசமான பேரம். 6000 × 3375 ஆக வெட்டினால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் போகும், மூலையோ ஐந்து பங்குகூட உள்ளே வந்திருக்காது. 4:3, அதாவது 5333 × 4000, எடுத்தால் 11 பங்குதான் செலவு, மூலை ஏழுக்கு மேல் உள்ளே வரும். வீடியோவுக்கென்று 16:9-இல் வெட்டுபவர்கள் கறுப்பு மூலையும் அதோடு போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, சதுரத்தை விருச்சிகத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். அனுஷ நட்சத்திரங்கள் வெளியே போய்விட்டன. தேளுக்குத் தலை இல்லை. இடது பக்கம் எம்8 விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. எம்17 இல்லவே இல்லை. 4:3-இல் தலை திரும்பி வந்தது, ஆனால் எம்17 நூலிழையில் வெளியே. வெட்டுக்கான விலையைப் பங்கில் சொல்வது பாதிக் கணக்குதான். அந்தப் பங்குக்குள் என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி.

ஆகவே வெளிச்சம் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். முறை எளிது: ஒவ்வொரு படத்தையும், நடுவை ஒன்றாக வைத்த ஃப்ளாட்டால் வகுக்க வேண்டும். நடுவில் ஒன்றால் வகுத்தால் அப்படியே இருக்கும், மூலையில் கால் பங்கால் வகுத்தால் நாலு மடங்காகும். முதல் முயற்சியில் வந்த படம் தலைகீழாக இருந்தது. நடு இருட்டு, மூலைகள் பாலாக வெளுத்திருந்தன. ஃப்ளாட் தப்பாகிவிட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுக்கப் பனியனையும் வானத்தையும் சந்தேகப்பட்டேன். ஃப்ளாட்டில் தவறு இல்லை. என் கேமரா ஒளியே இல்லாத இடத்திலும் 2048 என்ற எண்ணை எழுதும். அதுதான் அடிமதிப்பு, பையஸ். அந்த விடியலில் மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களை எடுக்க நேரமில்லாததால் வான்படங்களிலிருந்து அதைக் கழிக்கவே இல்லை.

எண்ணில் பார்த்தால் உடனே விளங்கும். நடுவில் வானத்தின் ஒளி 1500 என்றால் கோப்பில் 3548 இருக்கும். மூலையில் வானம் 375, கோப்பில் 2423. இதைக் கால் பங்கால் வகுத்தால் 9692. நடுவில் இருக்கும் 3548-ஐப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். வானத்தை மட்டும் நாலு மடங்காக்க வேண்டிய இடத்தில் வெறும் 2048-யும் நாலு மடங்காக்கியிருக்கிறேன். முதலில் கழித்துவிட்டால் 375-ஐக் கால் பங்கால் வகுக்க 1500 வரும், நடுவோடு பொருந்திவிடும். ஃப்ளாட் போட்ட பிறகு மூலை வெளுத்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். கழிக்கும் வரி இது:

```
calibrate light -bias="=2048" -flat=flat_stacked -cfa -debayer
```

2048 என் கேமராவின் எண். உங்கள் எண்ணைத் தெரிந்துகொள்ள மூடியைப் போட்டு, இருப்பதிலேயே வேகமான ஷட்டரில் ஒரு ரா படம் எடுத்து அதன் நடுமதிப்பைப் பாருங்கள். இன்னொன்று: வகுத்து, ஸ்டாக் செய்து முடிக்கும் வரை வெட்டக் கூடாது. ஃப்ளாட் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியோடும் பொருந்தி நிற்பது. படத்தை முன்பே வெட்டினால் அந்தப் பொருத்தம் போய்விடும்.

இந்த முறை வானம் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே நிறம். எம்17 இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. ஒரு பிக்ஸலும் போகவில்லை. ஆனால் விலை இல்லாமல் இல்லை. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி மூலையைப் பார்த்தால் வானம் குருணை குருணையாக இருந்தது. ஒரு வெற்று இடத்தில் நாய்ஸை அளந்தேன். நடுவைவிட மூலையில் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டியது.

இரண்டு மடங்கு என்பது தற்செயல் இல்லை. ஒளி நாலில் ஒரு பங்காகும்போது அதன் நாய்ஸ் பாதியாகத்தான் குறையும். பிறகு இரண்டையும் சேர்த்து நாலு மடங்காக்கினால் ஒளி பழைய நிலைக்கு வரும், நாய்ஸ் இரண்டு மடங்காக நிற்கும். நான் இதை இப்படி நினைத்துக்கொள்கிறேன்: நடுவில் 40 படம் எடுத்திருக்கிறேன், கோடி மூலையில் 10 படம்தான் எடுத்திருக்கிறேன். எம்17 கோடியிலிருந்து சற்று உள்ளே, ஃப்ளாட் மதிப்பு 0.38 இருக்கும் இடத்தில் இருக்கிறது. அதற்குக் கிடைத்தது 15 படம். ஃப்ளாட் மதிப்பை எடுத்த படங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால், படத்தின் எந்த இடம் எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். ஃப்ளாட் மதிப்பு 0.1-க்கும் கீழே வந்தால் நான் வெட்டிவிடுவேன். ஒருமுறை இரண்டு ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டியதில் வளையமே மூலையை மறைத்தது. அங்கே வகுத்தபோது வந்தது வெறும் வண்ணப் புள்ளிகள். ஒளியே விழாத இடத்தில் ஏற்றுவதற்கு எதுவும் இல்லை.

எஃப் 2.8-க்கு மூடியிருந்தால் மூலை தப்பியிருக்குமே என்று அடுத்த வாரம் அதையும் அளந்தேன். மூலை 0.6-க்கு வந்தது. சந்தோஷப்பட்ட கையோடு யோசித்தேன்: எஃப் 2.8-இல் மொத்த ஒளியே 2.4 மடங்கு குறைவு. 0.6-ஐ அதால் வகுத்தால் மறுபடியும் 0.25. மூலைக்கு வந்து சேரும் ஒளி அதேதான், நடுதான் அதன் அளவுக்கு இறங்கி வந்திருக்கிறது. அப்புறம் ஏன் மூடுவது என்றால், நட்சத்திரங்களின் வடிவத்துக்காக. எஃப் 1.8-இல் மூலை நட்சத்திரங்களுக்குச் சிறகு முளைத்திருக்கிறது. வெளிச்சம் ஏற்றும்போது அந்தச் சிறகும் சேர்ந்து பளிச்சென்று எழும்புகிறது. இதை எந்த ஃப்ளாட்டும் சரிசெய்யாது.

கடைசியில் முழுப் படத்தையும் சரிசெய்துவிட்டு, வலது பக்கம் மட்டும் 400 பிக்ஸல் வெட்டினேன். அந்தப் பக்கம் துலாம் ராசியின் வெறும் வானம், சிறகுள்ள இரண்டு மூலைகள். அனுஷத்துக்குப் பக்கத்தில் மூச்சுவிட இடம் இருக்கிறது. 5600 × 4000, சரியாக 7:5. செலவு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. 5 × 7 அங்குலப் பிரிண்டுக்கு அப்படியே பொருந்தியது. அந்த அளவில் எம்17-ஐச் சுற்றியுள்ள குருணை கண்ணுக்குத் தெரியவில்லை. 12 × 17-இல் ஒரு துண்டு போட்டுப் பார்த்தேன், தெரிந்தது.

அடுத்த அமாவாசைக்குச் சட்டத்தை இரண்டு பாகை கிழக்கே தள்ளிவைக்கப் போகிறேன். அப்போது எம்17 மூலையை விட்டு உள்ளே வந்துவிடும், வலது பக்கம் வெட்டவும் தேவைப்படாது.